வகுப்பு முழுக்க ஒரே தவறு: தசம எண் கணக்கில் பிழை எங்கே என்று கண்டுபிடிக்கும் வழி

மாணவர்களின் விடைகளைப் போனில் படமாக வாங்கித் திருத்தும் கணக்கு ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். தசம எண்களை ஒப்பிடும் பாடத்தில் ஒரு சிக்கல் திரும்பத் திரும்ப வருகிறது. ஒன்பது கணக்கு சரியாக இருக்கும், பத்தாவதில் வகுப்பே ஒன்றுபோல் தவறியிருக்கும். பத்துக்கு ஒன்பது என்று மதிப்பெண் போட்டுவிட்டு நகர்ந்தால் அந்தப் பிழை பத்தாம் வகுப்பு வரை கூடவே வரும்.

கடலூர் முதுநகர்ப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கும் டீச்சர் ஒருவரின் கதையோடு சேர்த்தே சொல்கிறேன். அவர் தேடிய வரிசையில் தேடினால் நேரம் வீணாகாது. செலவில்லாத காரணம் முதலில், நாள் கணக்கில் வேலை வாங்கும் காரணம் கடைசியில்.

நவம்பர் மாதம், தொடர்மழை, பள்ளிக்கு விடுமுறை. டீச்சர் வாட்ஸ்அப் குழுவில் பத்துக் கணக்குகள் அனுப்பியிருந்தார். ஒன்பது கணக்குகள் ஒரு கைடிலிருந்து எடுத்தவை. பத்தாவதை அவரே எழுதினார்: 0.8, 0.35, 0.125, 0.6 ஆகியவற்றை ஏறுவரிசையில் எழுதுக. சாயங்காலத்துக்குள் அம்மாக்களின் போனிலிருந்தும் அண்ணன்களின் போனிலிருந்தும் படங்கள் வந்து சேர்ந்தன. பத்தாவது கணக்குக்கு ஏறக்குறைய எல்லாப் படத்திலும் ஒரே விடை:

0.6, 0.8, 0.35, 0.125

சரியான விடை 0.125, 0.35, 0.6, 0.8.

## அறிகுறி 1: எல்லோருக்கும் ஒரே தவறான விடை

### படம் சரியாகத் தெரிகிறதா?

முதலில் பார்க்க வேண்டியது புள்ளியை. வாட்ஸ்அப்பில் வரும் படம் சுருங்கித்தான் வரும். கோடு போட்ட நோட்டில் தசமப் புள்ளி கோட்டின் மேலேயே விழுந்துவிட்டால், 0.35 என்று எழுதியது 035 போலத் தெரியும். விளக்கு வெளிச்சத்தில் எடுத்த படத்தில் காகிதத்தின் கறைகூடப் புள்ளி போல இருக்கும். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் அந்த ஒரு கணக்கை மட்டும் பகல் வெளிச்சத்தில் மறுபடி எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

டீச்சர் பார்த்தார். புள்ளிகள் இருந்தன. அப்படியே சில இடங்களில் மங்கியிருந்தாலும், தெரியாத புள்ளி எல்லோரையும் ஒரே வரிசையில் எழுத வைக்காது.

### ஏறுவரிசை, இறங்குவரிசை குழப்பமா?

இது அடிக்கடி நடப்பதுதான். விடையைத் தலைகீழாகப் படித்தால் சரியாகிறதா என்று பாருங்கள். சரியாகிவிட்டால் பிரச்சினை தசமத்தில் இல்லை, கேள்வியைப் படித்ததில் இருக்கிறது. இங்கே தலைகீழாகப் படித்தால் 0.125, 0.35, 0.8, 0.6 என்று வருகிறது. கடைசி இரண்டும் இடம் மாறி நிற்கின்றன. ஆக, இதுவும் இல்லை.

### பார்த்து எழுதினார்களா?

டீச்சருக்கு வலுவாக வந்த சந்தேகம் இதுதான். யாரோ ஒருவர் எழுதியதைப் படம் பிடித்து மற்றவர்களுக்கு அனுப்பிவிட்டார் என்றே நினைத்தார். மறுநாள் வகுப்பில் கேட்டுவிடுவது என்று கோபமாகவே இருந்தார். கேட்பதற்கு முன்னால் மற்ற ஒன்பது கணக்குகளை ஒருமுறை பார்த்தது நல்லதாகப் போயிற்று.

பார்த்து எழுதியவர்கள் கவனக்குறைவையும் சேர்த்தே எழுதுவார்கள். முதலில் எழுதியவர் மூன்றாவது கணக்கில் 2.47ஐ 2.74 என்று மாற்றி எழுதியிருந்தால், அதுவும் பத்து நோட்டில் வரும். இங்கே அப்படி இல்லை. ஒரு பையன் நான்காவது கணக்கில் ஓர் எண்ணை விட்டிருந்தான். ஒரு பெண் ஏழாவதில் இரண்டு முறை அடித்துத் திருத்தியிருந்தாள். சின்னத் தவறுகள் ஆளுக்கொன்றாக இருக்க, பத்தாவது மட்டும் எல்லோருக்கும் ஒன்றாக இருந்தது. தவறுகள் இப்படிப் பிரிந்து கிடந்தால் காப்பி என்ற சந்தேகத்தை விட்டுவிடலாம். அந்தப் பிள்ளைகள் தனித்தனியாக யோசித்து ஒரே இடத்துக்கு வந்திருக்கிறார்கள்.

### எல்லோரிடமும் ஒரே விதி இருக்கிறதா?

இப்போது அந்த விடையை எந்த விதி தரும் என்று தேட வேண்டும். புள்ளியையும் முன்னால் உள்ள சைபரையும் கையால் மறைத்துக்கொண்டு படியுங்கள்: 6, 8, 35, 125. முழு எண்களாகப் பார்த்தால் சரியான ஏறுவரிசை. புள்ளிக்குப் பின்னால் வருவதைத் தனி முழு எண்ணாகப் படித்திருக்கிறார்கள். அதனால் இலக்கம் கூடினால் எண்ணும் பெரிது என்று ஆகிவிட்டது.

இது உண்மையா, நம் கற்பனையா என்று பார்க்க ஒரே வழி, விடையை முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டுச் சோதிப்பது. மழை நின்று பள்ளி திறந்ததும் டீச்சர் துண்டுச்சீட்டில் ஆறு ஜோடிகளை எழுதிக் கொடுத்தார். ஒவ்வொன்றிலும் பெரிய எண்ணைச் சுற்றி வட்டமிட வேண்டும், அவ்வளவுதான்.

0.67, 0.59
0.8, 0.35
4.8, 4.63
5.62, 5.736
0.3, 0.426
4.7, 4.08

முதல் ஜோடி எல்லோருக்கும் சரியாக வரும், அது தைரியத்துக்கு. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் "இலக்கம் கூடினால் பெரிது" என்று நினைப்பவர் தவறுவார். நான்காவதிலும் ஐந்தாவதிலும் அதே ஆள் சரியாக எழுதுவார், ஏனென்றால் அங்கே இலக்கம் கூடிய எண்ணே உண்மையில் பெரியது. கடைசி ஜோடி சைபருக்கானது. 08ஐ வெறும் எட்டு என்று படிப்பவர் 4.08க்கு வட்டமிடுவார்.

ஆறு ஜோடிக்கு மதிப்பெண் போடாதீர்கள். எந்த ஜோடியில் தவறினார் என்பதை மட்டும் பாருங்கள். டீச்சர் எழுதிவைத்திருந்தது போலவே பெரும்பாலோர் இரண்டிலும் மூன்றிலும் தவறி, நான்கிலும் ஐந்திலும் சரியாக எழுதியிருந்தார்கள்.

அப்புறம் ஒரு பெண்ணை மேசைப் பக்கம் கூப்பிட்டார். அவளுடைய பாட்டி துறைமுகத்தில் மீன் எடுத்து விற்பவர். நல்லாப் படிக்கிற பிள்ளை.

"0.35க்கு ஏம்மா வட்டம் போட்ட?"

"முப்பத்தஞ்சு எட்டை விடப் பெருசுதானே டீச்சர்."

"சரி. 0.8, 0.9, அடுத்து என்ன வரும்?"

"0.10."

தயக்கமே இல்லாமல் சொன்னாள். இந்த ஒரு கேள்வியை நான் எல்லா ஆசிரியர்களுக்கும் சிபாரிசு செய்வேன். 0.9க்கு அடுத்து 0.10 என்று சொல்லும் குழந்தைக்குப் புள்ளி என்பது இரண்டு முழு எண்களுக்கு நடுவில் நிற்கும் தடுப்பு மட்டுமே. 0.9இலிருந்து 0.1க்கே திரும்பி வந்துவிட்டோம் என்பது அவளுக்குத் தெரியவில்லை.

## அறிகுறி 2: இத்தனை நாள் எல்லாம் சரியாக வந்தது, இப்போது மட்டும் ஏன்?

### நீங்கள் கொடுத்த கணக்குகளைப் பாருங்கள்

டீச்சர் கைடிலிருந்து எடுத்த ஒன்பதையும் மறுபடி எடுத்துப் பார்த்தார். 3.42, 3.24, 3.04 போன்றவை ஆறு. எல்லா எண்ணிலும் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம். மீதி மூன்றில் இலக்கம் மாறினாலும், 2.5, 2.57 என்பது போல நீளமானதே பெரியதாக இருந்தது. தவறான விதியை வைத்துக்கொண்டு ஒன்பதுக்கு ஒன்பது வாங்கிவிடலாம். அந்தக் கணக்குகள் பிழையைக் காட்டவே முடியாதவை.

உங்கள் கேள்வித்தாளிலும் இதைச் செய்து பாருங்கள், கால் மணி நேர வேலைதான். ஒவ்வொரு கணக்கையும் புள்ளியை மறைத்துக்கொண்டு போடுங்கள். அப்படிப் போட்டும் சரியான விடை வந்தால் அந்தக் கணக்கு சோதனைக்கு உதவாது. பத்தில் குறைந்தது மூன்று கணக்குகள் அப்படிப் போடும்போது தவறான விடை தர வேண்டும்.

### விதி எங்கிருந்து வந்தது?

பல பிள்ளைகள் ஒரே தெருவில் டியூஷன் போகிறார்கள் என்று தெரிந்தது. கல்லூரியில் படிக்கும் ஓர் அக்கா சொல்லிக்கொடுக்கிறார். டீச்சர் சண்டைக்குப் போகவில்லை, அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினார். அக்கா ஆறையும் சரியாகப் போட்டார்.

"பசங்க புள்ளியை மறைச்சிட்டுப் பார்க்கச் சொன்னீங்கன்னு சொல்றாங்களேம்மா?"

"ஆமா டீச்சர். ரெண்டு எண்ணுலயும் புள்ளிக்குப் பின்னாடி ரெண்டு ரெண்டு இலக்கம் இருந்தா அப்படிப் பார்க்கலாம்னு சொன்னேன்."

அவர் சொன்னதில் தவறில்லை. "இருந்தா" என்ற நிபந்தனை பிள்ளைகளின் நினைவில் தங்கவில்லை, "மறைச்சிட்டுப் பாரு" மட்டும் தங்கிவிட்டது. குறுக்கு வழியைச் சொல்லித் தருபவர்கள், அது வேலை செய்யாத ஒரு கணக்கையும் அதே மூச்சில் போட்டுக் காட்ட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

டியூஷன் போகாத பிள்ளைகளும் அதையேதான் எழுதியிருந்தார்கள். அவர்களுக்கு அது வெளியிலிருந்து வந்திருக்கிறது. கடைப் பில்லில் 45.50 என்றால் நாற்பத்தைந்து ரூபாய், ஐம்பது பைசா. புள்ளிக்கு இரண்டு பக்கமும் இரண்டு தனி எண்கள். கிரிக்கெட்டில் 4.5 ஓவர் என்றால் நான்கு ஓவரும் ஐந்து பந்தும். அடுத்த பந்து போட்டால் ஐந்து ஓவர் முடிந்தது. மீன் எடை போடும் மின்னணுத் தராசில் 0.350 என்று தெரியும், அது முந்நூற்றைம்பது கிராம். ரூபாயில் எப்போதும் இரண்டு இலக்கம், அந்தத் தராசில் எப்போதும் மூன்று. நீளம் மாறவே மாறாது, ஆகவே தவறான விதி அங்கெல்லாம் ஒருநாளும் தோற்காது.

வகுப்பில் வாசிக்கும் விதமும் இதற்குத் துணை போகிறது. 0.35ஐ "சைபர் புள்ளி முப்பத்தஞ்சு" என்று வாசித்தால் காதில் விழுவது முப்பத்தைந்துதான். "சைபர் புள்ளி மூணு அஞ்சு" என்று வாசிக்கப் பழக்குங்கள். காசு கொடுக்க வேண்டியதில்லை, நாளைக்கே ஆரம்பிக்கலாம்.

### சரிசெய்வது

தராசே உதவியது. டீச்சர் அந்தப் பெண்ணிடம் கேட்டார்:

"பாட்டி தராசுல 0.800 காட்டினா எவ்வளவு?"

"எண்ணூறு கிராம்."

"0.350?"

"முந்நூத்தம்பது."

"எது பெருசு?"

"எண்ணூறு." கொஞ்ச நேரம் சீட்டையே பார்த்தாள். "அப்போ 0.8ன்னா எட்டு கிராம் இல்லையா டீச்சர்?"

அந்தக் கேள்வி வந்ததும் அவசரப்பட்டு விளக்கம் சொல்லிவிடாதீர்கள். டீச்சர் அலமாரியிலிருந்து மீட்டர் அளவுகோலை எடுத்து மேசையில் வைத்தார். பழைய காலண்டர் அட்டையைப் பத்து சென்டிமீட்டர் நீளப் பட்டைகளாகவும், ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாகவும் வெட்டி வைத்திருந்தார். மீட்டர் முழுவதும் 1. பெரிய பட்டை பத்தில் ஒன்று. சின்னத் துண்டு நூறில் ஒன்று. மில்லிமீட்டர் ஆயிரத்தில் ஒன்று, அதைப் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளலாம்.

0.8க்கு எட்டுப் பட்டைகள் வைத்ததும் அளவுகோலில் எண்பது வரை நீண்டது. 0.35க்கு மூன்று பட்டை, ஐந்து துண்டு, முப்பத்தைந்தில் நின்றது. 0.125 பன்னிரண்டரையிலேயே முடிந்துவிட்டது. பத்தாவது கணக்கின் நான்கு எண்களையும் பிள்ளைகள் குழுக் குழுவாக வைத்துப் பார்த்தார்கள். எட்டுப் பட்டைக்கும் முப்பத்தைந்துக்கும் உள்ள இடைவெளியைக் கண்ணால் பார்த்தபின் யாரும் வாதாடவில்லை.

ஒரு பாடவேளையில் முடியாது, இரண்டு மூன்று நாள் பட்டைகளோடே இருக்க வேண்டும். கரும்பலகையில் இடமதிப்பு அட்டவணை போட்டு விளக்குவதை அதற்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள்.

## அறிகுறி 3: சைபர் சேர்த்தால் சரி, சேர்க்காவிட்டால் தவறு

பல ஆசிரியர்கள் உடனே எடுக்கும் மருந்து, 0.8ஐ 0.80 என்று எழுதி இலக்கத்தைச் சமமாக்கச் சொல்வது. விடை உடனே சரியாகிவிடும். எனக்கு இதில் ஒரு கவலை உண்டு. பிள்ளை இப்போது 80ஐயும் 35ஐயும் முழு எண்களாகவே ஒப்பிடுகிறது. பழைய விதி அப்படியே உள்ளே இருக்கிறது, அதற்கு வசதியாக எண்களை நாம் மாற்றிக் கொடுத்துவிட்டோம்.

உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க இரண்டு கேள்விகள் போதும். 0.5, 0.50 இரண்டில் எது பெரியது? 0.3க்கும் 0.4க்கும் நடுவில் ஓர் எண் சொல். முதலாவதற்கு 0.50 என்றோ, இரண்டாவதற்கு "நடுவில் எதுவும் இல்லை" என்றோ பதில் வந்தால், சைபரை நிறுத்திவிட்டுப் பட்டைக்குத் திரும்புங்கள். ஐந்து பட்டைக்குப் பதில் ஐம்பது துண்டுகளை வைக்கச் சொன்னால் 0.5உம் 0.50உம் ஒரே நீளம் என்று அவர்களே சொல்வார்கள். மூன்றாம் பட்டைக்குப் பின் ஒரு துண்டை வைத்தால் 0.31 கிடைத்துவிடும்.

## அறிகுறி 4: திருத்திய பின் எதிர்ப்பக்கமாகத் தவறுகிறார்கள்

இதை எதிர்பார்த்தே இருங்கள். அந்த வாரக் கடைசியில் டீச்சர் மறுபடி படங்கள் வாங்கினார். 0.8, 0.35 எல்லோருக்கும் சரி. 0.3, 0.426 ஜோடியில் நான்கைந்து பேர் 0.3க்கு வட்டமிட்டிருந்தார்கள். முன்பு அதைச் சரியாகப் போட்டவர்கள் அவர்கள்.

"நூறில் ஒன்று பத்தில் ஒன்றை விடச் சிறியது" என்று கேட்டதை, "இலக்கம் கூடினால் எண் சிறியது" என்று மாற்றிக்கொண்டுவிட்டார்கள். திருத்தும்போது 0.8, 0.35 மாதிரி ஜோடிகளையே திரும்பத் திரும்பக் கொடுத்ததும் ஒரு காரணம். இன்னொன்றையும் கவனியுங்கள்: முதலில் கொடுத்த பத்தாவது கணக்கு இந்தத் தவறான விதிக்குச் சரியான விடையையே தரும். 0.125, 0.35 என்று நீளமானவை முதலில் வந்துவிடுகின்றன. எனவே அந்தக் கணக்கை மறுபடி கொடுத்துச் சரிபார்த்தால் ஏமாந்துபோவீர்கள். இரண்டு வகை ஜோடிகளும் கலந்த சீட்டுதான் வேண்டும்.

மருந்து எளிது. 0.426க்கு நான்கு பட்டை, இரண்டு துண்டு, ஆறு மில்லிமீட்டர். முதல் பட்டையிலிருந்தே ஒப்பிட்டு வரச் சொல்லுங்கள். நான்கு பட்டைக்கும் மூன்று பட்டைக்கும் அங்கேயே தீர்ப்பு வந்துவிடும், பின்னால் எத்தனை இலக்கம் இருந்தாலும் கவலையில்லை. பத்தில் ஒன்றாம் இடம் சமமாக இருந்தால் மட்டும் அடுத்த இடத்துக்குப் போக வேண்டும்.

4.08 ஜோடியில் மட்டும் தவறுபவர்களுக்கும் இதே வேலைதான். பட்டையே இல்லை, எட்டுத் துண்டுகள் மட்டும் என்று வைத்துக் காட்டினால் போதும்.

## அறிகுறி 5: வகுப்பு சரியாகிவிட்டது, ஓரிருவர் மட்டும் நிற்கிறார்கள்

முதலில் கண். கரும்பலகையில் உள்ளதை எழுதச் சொல்லி, புள்ளி எங்கே விழுகிறது என்று பாருங்கள். அந்த வகுப்பில் ஒரு பையன் நோட்டில் 3.42ஐ 342 என்று எழுதிக்கொண்டிருந்தான். புத்தகத்தைப் பார்த்து எழுதும்போது புள்ளி ஒழுங்காக வந்தது. அவனை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள், பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் காட்டினார்கள், கண்ணாடி போட வேண்டியிருந்தது. அது கணக்குப் பிரச்சினையே இல்லை.

கண் சரியாக இருந்தும் தடுமாறும் பிள்ளையிடம் இரண்டிலக்க முழு எண்களைக் கேட்டுப் பாருங்கள். ஏழாம் வகுப்பிலும் 47, 74 இரண்டில் எது பெரியது என்று குழம்பினால், 8உம் 5உம் கூட்ட ஒவ்வொரு முறையும் விரலை முதலிலிருந்து எண்ணினால், தசமத்தை நிறுத்திவிடுங்கள். வட்டார வள மையத்தில் உள்ள சிறப்பாசிரியரிடம் சொல்ல வேண்டிய இடம் இது. என்ன குறைபாடு என்று நாமே பெயர் வைக்கக் கூடாது. துண்டுச்சீட்டுகளையும் நோட்டின் படங்களையும் தேதியோடு எடுத்துப் போங்கள், அவருக்கு அவை மிகவும் உதவும்.

பட்டைகளோடு ஒரு வாரம் வேலை செய்த பிறகும் மூன்றில் ஒருவருக்கு மேல் சீட்டில் தவறினால், தனியாகப் போராட வேண்டாம். வள மையத்தின் ஆசிரியர் பயிற்றுநரை வகுப்புக்கு வந்து பார்க்கச் சொல்லுங்கள். கடலூர் மாவட்டத்தில் இருப்பவர்கள் வடலூரில் உள்ள ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்திலும் கேட்கலாம்.

டீச்சர் அரையாண்டுத் தேர்வு முடிந்து ஒருமுறை, பொங்கல் விடுமுறை முடிந்து ஒருமுறை, எண்களை மாற்றி அதே ஆறு ஜோடிச் சீட்டைக் கொடுத்தார். இரண்டாம் முறை மூன்று பேர் பழைய விதிக்கே திரும்பியிருந்தார்கள். அவர்களுக்குப் பட்டைகளை மறுபடி எடுத்தார். டியூஷன் அக்காவிடமும் ஒரு கட்டுப் பட்டையும் சீட்டின் நகலும் கொடுத்திருக்கிறார். இந்த வருடம் ஆறாம் வகுப்பிலிருந்து வருபவர்களுக்கு ஜூன் மாதமே அந்தச் சீட்டைக் கொடுத்துப் பார்ப்பதாகச் சொன்னார்.